பழைய நகல் இயந்திரத்தை மாற்றலாமா? நான்கு வழிகளும் ஒரு பக்கக் கணக்கும்

அலுவலகத்தில் பழைய கருவியை மாற்றக் கேட்டு எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் புலம்பலாகவே இருக்கின்றன. "அடிக்கடி பழுதாகிறது, வேலை நிற்கிறது, புதிது வேண்டும்" என்று எழுதி, கீழே ஒரு விலைப்பட்டியலை இணைத்து அனுப்பிவிடுகிறோம். கணக்குப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பினால் வருத்தப்படுகிறோம். அவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள்தான். இப்போது உண்மையில் எவ்வளவு செலவாகிறது? போட்ட பணம் எப்போது திரும்பும்? நம் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் ஒரே பக்கத்தில் பதில் சொல்ல முடியும்.

எந்த அலுவலகத்திலும் இருக்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். தரையில் நிற்கும் பெரிய நகல் இயந்திரம். அச்சிடும், ஸ்கேன் செய்யும், நகல் எடுக்கும். வயது எட்டு. நாற்பது பேர் பயன்படுத்துகிறார்கள். மாதம் சராசரியாக 12,000 பக்கம், அதாவது ஆண்டுக்கு 1,44,000 பக்கம். தொகைகளை வெறும் அலகுகளாகச் சொல்கிறேன். உங்கள் நாணயத்தில் பொருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

எதிரே நான்கு வழிகள் இருக்கின்றன: இருப்பதையே பழுது பார்த்து ஓட்டுவது, புதிது வாங்குவது, வாடகை ஒப்பந்தத்தில் எடுப்பது, புதுப்பித்து விற்கும் பழைய மெஷினை வாங்குவது.

முதலில் பழையதன் உண்மைச் செலவு

குறிப்பின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. புதிய மெஷினின் விலையை யாரும் விசாரித்துச் சொல்லிவிடலாம். பழையது ஆண்டுக்கு எவ்வளவு விழுங்குகிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு கணக்குத் தலைப்பில் இருக்கும், டோனர் எழுதுபொருள் தலைப்பில் இருக்கும், அவசரத்துக்கு வெளியே அச்சடித்த பில் சில்லறைச் செலவில் ஒளிந்திருக்கும். இவற்றை ஒன்றுசேர்க்க இரண்டு நாள் உட்கார வேண்டியிருக்கும்.

நம் அலுவலகத்தில் சேர்த்துப் பார்த்தால் இப்படி வருகிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் 30. டோனர் 72. மின்சாரம் 8. மெஷின் நின்ற நாட்களில் வெளியே அச்சடித்தது 18. ஒப்பந்தத்தில் அடங்காத டிரம், ஃபியூசர் போன்ற பாகங்களுக்கு மூன்று ஆண்டுகளில் முறையே 14, 22, 36.

கடைசி எண்ணைப் பார்த்ததும் கை பரபரக்கும். பாகச் செலவு ஏறிக்கொண்டே போகிறதே, 36 என்றே போடலாமே என்று தோன்றும். போடக் கூடாது என்பது என் கருத்து. அந்த 36-இல் பெரும்பகுதி புதிதாக மாட்டிய ஃபியூசருக்குப் போனது. டோனர் பொடியை வெப்பத்தால் உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைக்கும் பாகம் அது. விலை அதிகம், ஒருமுறை மாற்றினால் சில காலம் தாங்கும். அடுத்த ஆண்டும் அதே செலவு வரும் என்று எழுதினால், விவரம் தெரிந்த ஒருவர் ஒரே கேள்வியில் குறிப்பை உடைத்துவிடுவார். மூன்று ஆண்டுச் சராசரியான 24-ஐப் போட்டேன். மொத்தம் 152. இதுதான் "எதுவும் செய்யாமல் விடுவது" என்ற முதல் வழியின் ஆண்டுச் செலவு. மற்ற மூன்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சென்ற ஆண்டு ஃபியூசர் மாற்றிய செலவு வேறொரு வடிவிலும் தலைகாட்டும். "போன வருஷம்தானே இவ்வளவு செலவழித்தோம், இப்போது எப்படித் தூக்கிப்போடுவது?" என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்; எந்த வழியைத் தேர்ந்தாலும் அது திரும்பாது. ஏட்டில் மெஷினுக்கு மீதி மதிப்பு நின்றாலும் அப்படித்தான். இனிமேல் வெளியே போகும் பணமும் உள்ளே வரும் பணமும் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும்.

டோனரில் ஒளிந்திருக்கும் பிழை

இப்படிப்பட்ட குறிப்புகளில் அதிகம் பார்க்கும் தவறு டோனரில்தான் நடக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

விற்பவர் சொல்கிறார்: புதிய மெஷினில் ஆயிரம் பக்கத்துக்கு டோனர் செலவு 0.25 அலகுதான். நாம் நம் பில்லைப் பார்க்கிறோம்: 72 அலகு, 1,44,000 பக்கம், ஆயிரத்துக்கு 0.50 ஆகிறது. பாதிக்குப் பாதி மிச்சம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் இவை இரண்டும் ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல.

டோனர் குப்பியின் மேல் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை ஒரு நிலையான சோதனைப் பக்கத்தை வைத்துச் சொல்லப்படுவது. கறுப்பு டோனருக்கு ISO/IEC 19752 என்ற தர அளவு இருக்கிறது. அந்தச் சோதனைப் பக்கத்தில் மை படியும் பரப்பு ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஒரு சிறு கடிதம் அளவுக்கு எழுத்து. நம் அலுவலகத்தில் அச்சாவது கட்டம் கட்டிய அட்டவணைகள், முத்திரை வைத்த படிவங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்களின் நகல்கள். அவற்றில் மை அதைவிட அதிகம் படியும். அதனால் 14,000 பக்கம் என்று போட்ட குப்பி 10,000 பக்கத்திலேயே காலியாகிறது.

இது யூகமாக இருக்கத் தேவையில்லை. மெஷினிலேயே பக்க எண்ணிக்கை காட்டும் கவுண்டர் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்து எண்ணை இறுதி எண்ணிலிருந்து கழித்து, வாங்கிய குப்பிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குப்பிக்கு உண்மையில் எத்தனை பக்கம் என்று வந்துவிடும். நம் விஷயத்தில் 14,000-க்குப் பதில் 10,000, அதாவது சொன்னதைவிட 1.4 மடங்கு டோனர் போகிறது. புதிய மெஷினிலும் அதே காகிதங்களைத்தான் அச்சிடப்போகிறோம். எனவே விற்பவர் சொன்ன 0.25-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 0.35. ஆண்டுக்கு 50 அலகு.

இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் டோனர் செலவு 36 என்று வந்திருக்கும். போட்ட பணம் ஏறத்தாழ ஐந்து மாதம் முன்னதாகத் திரும்புவதாகக் கணக்கு காட்டியிருக்கும். ஓராண்டு கழித்து உண்மை பில் வந்து நிற்கும்போது, குறிப்பில் கையெழுத்திட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று மாற்று வழிகளின் கணக்கு

புதிது வாங்குவதென்றால் விலை 228, கொண்டுவந்து நிறுவி எல்லாருடைய கணினியிலும் இணைத்துத் தர 16, பழையதைக் கொடுத்தால் கிடைப்பது 4. கையிலிருந்து போவது 240. முதல் ஆண்டு உத்தரவாதக் காலம், அதனால் பராமரிப்பு இல்லை. டோனர் 50, மின்சாரம் 4, வெளியே அச்சடிப்பது 3 என்று 57 ஆகும். இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்பு 18 சேர்ந்து 75. ஆக மிச்சம் முதல் ஆண்டு 95, பிறகு ஆண்டுக்கு 77. இரண்டு ஆண்டில் 172 திரும்பிவிடும். மீதி 68-க்கு இன்னும் பதினொரு மாதம். போட்ட பணம் 2 ஆண்டு 11 மாதத்தில் மீள்கிறது.

புதுப்பித்த மெஷின் என்றால் 110-க்குக் கிடைக்கிறது. நிறுவ 14, பழையதற்கு 4 கழித்தால் 120. ஆனால் ஆண்டுச் செலவு 108 வரும்: பராமரிப்பு 26, பாகங்கள் 10, டோனர் 58, மின்சாரம் 6, வெளியே அச்சடிப்பது 8. மிச்சம் ஆண்டுக்கு 44. போட்ட பணம் 2 ஆண்டு 9 மாதத்தில் திரும்பும்.

வாடகையில் முன்பணம் இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் 5 நிலையான வாடகை, ஆயிரம் பக்கத்துக்கு 0.45. பராமரிப்பும் டோனரும் அவர்கள் பொறுப்பு. ஆண்டுக்கு வாடகை 60, பக்கக் கட்டணம் 65, மின்சாரம் 4, வெளியே அச்சடிப்பது 3, மொத்தம் 132. மிச்சம் 20. முதலீடே இல்லாததால் மீள வேண்டிய பணமும் இல்லை.

| வழி | முதலில் போகும் பணம் | ஆண்டு மிச்சம் | பணம் திரும்பும் காலம் | உழைக்கும் காலத்தில் நிகர மிச்சம் |
|---|---|---|---|---|
| பழையதே | 0 | – | – | – |
| புதிது | 240 | 95, பிறகு 77 | 2 ஆண்டு 11 மாதம் | 163 (5 ஆண்டில்) |
| புதுப்பித்தது | 120 | 44 | 2 ஆண்டு 9 மாதம் | 56 (4 ஆண்டில்) |
| வாடகை | 0 | 20 | பொருந்தாது | 100 (5 ஆண்டில்) |

பணம் திரும்பும் காலத்தை மட்டும் பார்த்தால் புதுப்பித்த மெஷின் முந்துகிறது. பலர் இங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் பணம் திரும்பிய பிறகு அந்த மெஷின் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. ஏற்கெனவே பல லட்சம் பக்கம் ஓடியதை நாம் வாங்குகிறோம். நான்கு ஆண்டு உழைத்தால் 56 மிச்சம். மூன்றாம் ஆண்டு முடிவிலேயே கைவிட்டால் வெறும் 12. அதற்கு இத்தனை பேரின் அலைச்சல் தகுமா? புதுப்பித்தது வாங்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. அலுவலகம் இரண்டு, மூன்று ஆண்டில் இடம் மாறப்போகிறது, அதுவரை ஒப்பேற்ற வேண்டும் என்றால் அதுவே சரியாக இருக்கலாம். அப்போதும் வாங்குமுன் கவுண்டர் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சொல்லத் தயங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வாங்குவதா, வாடகையா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மேலே உள்ள அட்டவணைப்படி 163-க்கு 100, வாங்குவதே மேல். ஆனால் அந்த 163 ஐந்து ஆண்டுகளில் சொட்டுச் சொட்டாக வருவது. 240-ஐ இன்றே எடுத்துவைக்க வேண்டும். நான்காம் ஆண்டில் வரும் 77 இன்றைய 77-க்குச் சமம் ஆகாது. அந்தப் பணம் வேறிடத்தில் வட்டி ஈட்டியிருக்கும், அல்லது கடன் வாங்கியதாக இருந்தால் வட்டி கட்டவைத்திருக்கும்.

ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்து, பின்னால் வரும் ஒவ்வொரு தொகையையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தேன். வாங்குவதன் நிகர மிச்சம் 163-இலிருந்து 68-ஆகச் சுருங்குகிறது. வாடகையின் மிச்சம் 100-இலிருந்து 76. வரிசையே மாறிவிட்டது! 8 சதவீதத்தில் பார்த்தால் வாங்குவது 84, வாடகை 80. ஏறத்தாழ 9 சதவீதத்தில் தராசு சமமாக நிற்கிறது. எனவே "வாங்கலாமா, வாடகையா" என்ற கேள்விக்கு விடை மெஷினுக்குள் இல்லை; உங்கள் நிறுவனம் பணத்துக்கு என்ன விலை கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. அந்த விகிதத்தைக் கணக்குப் பிரிவிடமே கேட்டு வாங்கிப் போடுங்கள். அவர்கள் தந்த எண்ணோடு போன கணக்கை அவர்கள் அவ்வளவு எளிதில் மறுக்க மாட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பேன். கவுண்டரின் மூன்றாண்டுப் பதிவு வேறொன்றைக் காட்டுகிறது: மாதத்துக்கு 15,500 பக்கம், பிறகு 13,800, இப்போது 12,000. காகிதம் குறைந்துகொண்டே வருகிறது. வாடகை ஒப்பந்தத்தில் மாதத்துக்குக் குறைந்தது 10,000 பக்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது.

பக்கங்கள் 40 சதவீதம் குறைந்து 7,200 ஆனால் என்ன நடக்கும்? பழைய மெஷினின் ஆண்டுச் செலவும் குறைந்து 123 ஆகும். புதிதாக வாங்கியிருந்தால் முதல் ஆண்டு 37, பிறகு 55. பணம் திரும்ப 3 ஆண்டு 3 மாதம் ஆகும், ஐந்தாண்டில் 118 மிஞ்சும். வாடகையில் அச்சிடாத பக்கத்துக்கும் கட்டணம் கட்டுவோம்; ஆண்டுச் செலவு 121, மிச்சம் வெறும் 2. ஐந்தாண்டுக்கும் சேர்த்து 10. நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் மீதி மாதங்களின் வாடகையைக் கேட்கும் நிபந்தனையும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும்.

ஆகவே இந்த அலுவலகத்துக்கு என் பரிந்துரை வாங்குவதுதான். கையில் பணம் இல்லை, 9 சதவீதத்துக்கு மேல் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும் என்றால் வாடகைக்குப் போகலாம். ஆனால் குறைந்தபட்சப் பக்கத்தை 6,000-க்கு இறக்கும்படி பேசிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

கவுண்டர் பதிவில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். A3 அளவுத் தாள் எத்தனை அச்சாகிறது? நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையென்றால், A4 மட்டும் அச்சிடும் மெஷின் போதும். அது கணிசமாக மலிவு. எட்டு ஆண்டுக்கு முன் வாங்கிய அதே அளவையே மறுபடி வாங்கும் பழக்கத்தில் நிறைய பணம் போகிறது.

எதைக் கணக்கில் சேர்க்கவில்லை

ஊழியர் நேரம். நாற்பது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம், சம்பளத்தால் பெருக்கினால் பூதாகரமான தொகை ஒன்று கிடைக்கும். பணம் சில மாதங்களில் திரும்புவதாகக் காட்டலாம். அதைச் சேர்க்கவில்லை. மெஷின் நன்றாக ஓடினாலும் யாருடைய சம்பளமும் குறையப்போவதில்லை. பணமாக வெளியே போகாததைப் பணமாகக் காட்டினால் உண்மையான மற்ற எண்களும் நம்பிக்கை இழக்கும். "சென்ற ஆண்டு 19 வேலை நாட்கள் மெஷின் நின்றது" என்று தனி வரியில் எழுதினால் போதும், படிப்பவருக்கு உறைக்கும். பழுதால் மிகைநேர ஊதியம் கொடுத்திருந்தால் மட்டும் அது உண்மைச் செலவு, பில்லோடு சேர்க்கலாம்.

இடர்கள்

பொதுவான இடர்களைப் பட்டியல் போடுவதில் பயனில்லை. இந்த மாற்றத்துக்கே உரியவை இரண்டு.

முதலாவது, மாற்றும் வாரம். அச்சிடுவது பெரும்பாலும் முதல் நாளே சரியாகிவிடும். சிக்கல் ஸ்கேனில்தான் வரும். ஸ்கேன் செய்தது மின்னஞ்சலுக்கோ பகிர்ந்த கோப்புறைக்கோ போவதற்கான அமைப்பை எட்டு ஆண்டுக்கு முன் யாரோ செய்துவைத்திருப்பார், கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று குறிப்பிட்ட பிரிண்டர் டிரைவரை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும் ஆணை கொடுக்குமுன் விற்பவரை வரவழைத்து, உங்கள் மென்பொருளிலிருந்து ஒரு பக்கம் அச்சிட்டும் உங்கள் கோப்புறைக்கு ஒரு பக்கம் ஸ்கேன் செய்தும் காட்டச் சொல்லுங்கள். பழையதை இரண்டு வாரமாவது அனுப்பாமல் வைத்திருங்கள். மாத முடிவில் மட்டும் மாற்றாதீர்கள்.

இரண்டாவது, பழைய மெஷினின் வயிற்றுக்குள் இருப்பது. இந்த வகை மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் உண்டு. அச்சிட்ட, ஸ்கேன் செய்த ஆவணங்களின் படிமங்கள் அதில் தங்கியிருக்கக்கூடும். சம்பளப் பட்டியல், அடையாள அட்டை நகல்கள் எல்லாம் அந்த 4 அலகுக்காக வெளியே போய்விடலாம். டிஸ்க்கைக் கழற்றி நாமே வைத்துக்கொள்வது, அல்லது அழித்ததற்கு எழுத்தில் உறுதி வாங்குவது, இரண்டில் ஒன்று நடந்த பிறகே மெஷின் வாசலைத் தாண்ட வேண்டும். புதுப்பித்ததை வாங்கும்போதும் வாடகை மெஷினைத் திருப்பித் தரும்போதும் இதே கவனம் வேண்டும்.

எதுவும் செய்யாமல் விடுவதிலும் இடர் உண்டு, அதையும் எழுத வேண்டும். தயாரிப்பாளர் இந்த மாடலுக்குப் பாகங்கள் இன்னும் எத்தனை ஆண்டு தருவார், மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் கடிதத்தைக் குறிப்போடு இணைத்தால் நீங்கள் வாதாடத் தேவையிருக்காது.

குறிப்பு இப்படி இருக்கலாம்

> கோரிக்கை: எட்டு ஆண்டுப் பழைய நகல் இயந்திரத்துக்குப் பதிலாகப் புதியது வாங்க 240 அலகு ஒப்புதல்.
>
> இப்போதைய நிலை: ஆண்டுச் செலவு 152 (பில்கள் இணைப்பில்). சென்ற ஆண்டு 19 வேலை நாட்கள் இயங்கவில்லை. இந்த நாட்களின் ஊழியர் நேரம் கணக்கில் சேர்க்கப்படவில்லை.
>
> பலன்: முதல் ஆண்டு 95, பிறகு ஆண்டுக்கு 77 மிச்சம். பணம் 2 ஆண்டு 11 மாதத்தில் திரும்பும். அச்சிடும் அளவு 40 சதவீதம் குறைந்தாலும் 3 ஆண்டு 3 மாதத்தில் திரும்பும்.
>
> பரிசீலித்த மற்ற வழிகள்: புதுப்பித்தது – பணம் இரண்டு மாதம் முன்னதாகத் திரும்பினாலும் உழைக்கும் காலம் குறைவு. வாடகை – 10 சதவீத வட்டியில் சற்று மேல், ஆனால் பக்கங்கள் குறைந்தால் மிச்சம் ஏறத்தாழ இல்லாமல் போகும்.
>
> இடர்களும் ஏற்பாடும்: ஸ்கேன் அமைப்பு ஆணைக்கு முன் சோதிக்கப்படும், பழையது இரண்டு வாரம் உடனிருக்கும், டிஸ்க் கழற்றப்படும்.
>
> சரிபார்ப்பு: நிறுவிய நாளின் கவுண்டர் எண் பதிவாகும். பன்னிரண்டு மாதம் கழித்து டோனர் பில், கவுண்டர், நின்ற நாட்கள் மூன்றும் இந்தக் குறிப்போடு ஒப்பிட்டுத் தரப்படும்.

கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை, எழுதினால் நாமே மாட்டிக்கொள்வோம் என்ற பயம். ஆயிரம் பக்கத்துக்கு 0.35 என்று நாம் சொன்னது ஓராண்டில் 0.42 என்று வந்தால் ஆண்டுக்குப் பத்து அலகு கூடுதல். பணம் திரும்ப இன்னும் சில மாதம் ஆகும், அவ்வளவுதான். அந்த எண்ணை நாமே கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்து கணினிகளை மாற்றக் கேட்டு எழுதும்போது டோனர் கணக்கை எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்த ஒருவரின் குறிப்பாக அது படிக்கப்படும்.